லோரி ஏறும் முற்றத்துக்குக் கான்கிரீட்: ஜாயின்ட், டவல் பார், சீலன்ட் போடும் முறை

கான்கிரீட் வெடிக்கும். நல்ல சிமெண்டு, நல்ல ஆள், எல்லாம் இருந்தாலும் வெடிக்கும், ஏனென்றால் அது காயும்போது சுருங்கும், அடியில் இருக்கும் தரை அதைச் சுருங்க விடாமல் பிடித்து இழுக்கும். வெடிப்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதற்குத்தான் ஜாயின்ட், தளத்தில் நாமே முன்கூட்டி வைக்கும் கோடு. "பி.ஆர்.சி போட்டாச்சே அண்ணே, அப்புறம் ஜாயின்ட் எதுக்கு?" என்று கேட்காத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. பி.ஆர்.சி கம்பி வலை வெடிப்பைத் தடுக்காது, வெடித்த பிறகு இரண்டு பக்கமும் விலகிப் போகாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வாங்கி ஏற்றும் ஒரு சின்ன இடத்தை எடுத்துக்கொள்வோம். முற்றம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஒரு நீளப் பக்கத்தில் கடைச் சுவர், எதிர்ப்பக்கம் லோங்காங். வந்து போவது 3 டன் லோரிகள். இதற்கு 150 மில்லிமீட்டர் கனம், கிரேட் 30 கான்கிரீட் போதும். பத்து டயர் லோரி வரும் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, கனத்தைக் கூட்ட வேண்டும், அதை ஒரு இன்ஜினியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

முதலில் கட்டம் பிரிப்பது

ஜாயின்டுக்கு ஜாயின்ட் இடைவெளி தளத்தின் கனத்தைப் போல 24 முதல் 30 மடங்கு வரை இருக்கலாம். 150 மில்லிமீட்டருக்கு அது 3.6 மீட்டரிலிருந்து 4.5 மீட்டர் வரை வருகிறது. நம் முற்றத்தை நீளத்தில் மூன்றாகவும் அகலத்தில் இரண்டாகவும் பிரித்தால் 4 மீட்டருக்கு 4 மீட்டர் என்று ஆறு கட்டம் சரியாகக் கிடைக்கும். உங்கள் இடம் இப்படி அழகாகப் பிரியாவிட்டால் கட்டத்தைச் சதுரத்துக்குப் பக்கமாக வையுங்கள். நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அந்தக் கட்டம் நடுவில் தானாகவே ஒரு கோடு போட்டுக்கொள்ளும். முற்றத்தில் சம்ப் குழியோ தூணோ இருந்தால் ஜாயின்ட் கோடு அதன் மூலையைத் தொட்டுப் போகிற மாதிரி கட்டத்தைத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த மூலையிலிருந்துதான் முதல் வெடிப்பு கிளம்பும்.

ஊற்றுவது இரண்டு பட்டையாக: 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஒரு பட்டைக்கு 12 × 4 × 0.15, அதாவது 7.2 கியூப். கொஞ்சம் சேதாரம் சேர்த்து 7.5 கியூப் என்று ஆர்டர் கொடுங்கள்.

தரை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய எஸ்டேட் நிலம் என்றால் ரப்பர், செம்பனைக் கட்டை ஏதாவது மண்ணுக்குள் இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள், அது மக்கிப் போனால் தளத்துக்கு அடியில் பள்ளம் விழும். மேல்மண்ணை எடுத்துவிட்டு உடைத்த கல்லும் தூளும் கலந்த கிரஷர் ரன் 150 மில்லிமீட்டர் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்கி, மேலே பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். சுவரிலிருந்து லோங்காங் பக்கம் 8 மீட்டருக்கு 80 மில்லிமீட்டர் சரிவு வையுங்கள். சுவர் ஓரம் முழுக்க 10 மில்லிமீட்டர் ஃபோம் பட்டையைத் தளத்தின் முழு உயரத்துக்கும் நிறுத்துங்கள். தளம் சுவரோடு ஒட்டக் கூடாது, அங்கே கம்பியும் கூடாது.

டவல் பார்: இதில்தான் வேலை கெடும்

ஜாயின்டில் வெடித்த பிறகு இரண்டு கட்டமும் தனித்தனி. லோரி டயர் ஒரு கட்டத்தின் ஓரத்தில் ஏறும்போது அது மட்டும் அமுங்கும், அடுத்தது அப்படியே நிற்கும், கொஞ்ச நாளில் படி மாதிரி ஏற்ற இறக்கம் வந்துவிடும். பாரத்தைப் பக்கத்துக் கட்டத்துக்குக் கடத்துவது டவல் பார். ஆனால் அது இரண்டு கட்டத்தையும் கட்டிப்போடக் கூடாது. மேலும் கீழும் அசைய விடாமல் பிடிக்க வேண்டும், நீள வாக்கில் கட்டம் சுருங்கும்போது வழுக்கிக்கொண்டு போக விட வேண்டும். அதனால்தான் முறுக்குக் கம்பி ஆகாது, வழவழப்பான உருட்டுக் கம்பிதான் வேண்டும்.

நம் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கம்பி, 400 மில்லிமீட்டர் நீளம், 300 மில்லிமீட்டருக்கு ஒன்று. மூலையிலிருந்து 200 விட்டு முதல் கம்பியை வைத்தால் 4 மீட்டர் ஜாயின்டுக்கு 13 கம்பி சரியாக உட்காரும். குறுக்கு ஜாயின்ட் ஒரு பட்டைக்கு இரண்டு, இரண்டு பட்டைக்கு நான்கு. மொத்தம் 52 கம்பி. வெட்டும்போது கட்டர் மிஷினில் வெட்டச் சொல்லுங்கள். நசுக்கி வெட்டினால் முனை பிதுங்கி நிற்கும், அந்தப் பிதுக்கமே கான்கிரீட்டில் கொக்கி போட்டுக்கொள்ளும்.

ஒவ்வொரு கம்பியிலும் பாதியைவிடச் சற்று அதிகமாக, 250 மில்லிமீட்டர் அளவுக்கு, பிளாஸ்டிக் உறை மாட்டுங்கள் அல்லது மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். அள்ளிப் பூசினால் கம்பியைச் சுற்றிக் காலி இடம் உண்டாகி அது ஆட ஆரம்பிக்கும். மீதிப் பாதி வெறும் கம்பியாகவே இருக்கட்டும்.

இவற்றை மெல்லிய கம்பியில் செய்த கூட்டில் வைத்து, தளத்தின் நடு உயரத்தில், அதாவது கம்பியின் மையம் மேலிருந்து 75 மில்லிமீட்டரில் வருகிற மாதிரி நிறுத்துங்கள். கூட்டைத் தரையோடு ஆணியடித்துப் பிடியுங்கள். எல்லாக் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாகவும், தளத்துக்கு இணையாகவும் படுக்க வேண்டும். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் போகக் கூடாது. நம் சரிவு குறுக்கே, டவல் பார் நீளவாக்கில் படுக்கிறது, ஆகவே கம்பி மேல் ரசமட்டத்தை வைத்தாலே தெரிந்துவிடும். கோணலாக நாலைந்து கம்பி இருந்தால் போதும், ஜாயின்ட் பூட்டிக்கொள்ளும். கட்டம் சுருங்க இடமில்லாமல், ஜாயின்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கம்பி முடிகிற இடத்துக்கு நேராக வெடிக்கும்.

இரண்டு பட்டைக்கும் நடுவில் வரும் 12 மீட்டர் ஜாயின்ட் வேறு கதை. அங்கே இரண்டு பட்டையும் விலகாமல் இருந்தால் போதும், அதனால் முறுக்குக் கம்பியில் டை பார் போடலாம்: 12 மில்லிமீட்டர் கம்பி, 1 மீட்டர் நீளம், 600 மில்லிமீட்டருக்கு ஒன்று. ஒரு கட்டத்துக்கு ஆறு, இரு முனையிலும் 500 விட்டு, மொத்தம் 18. பக்கப் பலகையில் நடு உயரத்தில் துளை போட்டுச் செருகி, பாதி வெளியே நிற்க விடுங்கள். இதற்கு கிரீஸ் வேண்டாம்.

பி.ஆர்.சி போடுவதாக இருந்தால் மேலிருந்து 50 மில்லிமீட்டரில் நிறுத்தி, ஒவ்வொரு குறுக்கு ஜாயின்டுக்கும் 75 மில்லிமீட்டர் முன்னாலேயே வெட்டி நிறுத்துங்கள். வலை ஜாயின்டைத் தாண்டிப் போனால் ஜாயின்ட் திறக்காது.

ஊற்றுவதும் வெட்டுவதும்

ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு டவல் கூட்டின் நடுக்கோட்டையும் இரண்டு பக்கப் பலகை மேலும் ஆணியடித்துக் குறியுங்கள். கான்கிரீட் மூடிய பிறகு கம்பி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெட்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும் கம்பி ஒரு பக்கம் போதுமான அளவு இறங்கியிருக்காது.

காலை வெயிலுக்கு முன் ஆரம்பியுங்கள். கான்கிரீட் லோரியின் சரிவுத் தகட்டிலிருந்து கூட்டின் மேல் நேராகக் கொட்ட விடாதீர்கள், முதலில் மண்வெட்டியால் கூட்டின் இரு பக்கமும் சமமாக அள்ளிப் போட்டு மூடிவிட்டு அப்புறம் மற்ற இடத்தை நிரப்புங்கள். வைப்ரேட்டர் கம்பியில் இடிக்கக் கூடாது. தேய்த்து முடித்ததும் ஈரச் சாக்கு, ஏழு நாளைக்கு.

அன்றைக்கே வெட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் பெரும்பாலும் ஊற்றி 6 முதல் 10 மணி நேரத்துக்குள். கட்டரை ஓரமாக ஒரு சாண் ஓட்டிப் பாருங்கள்: வெட்டு ஓரத்தில் கல் பெயர்ந்து வந்தால் இன்னும் நேரமாகவில்லை, ஓரம் சுத்தமாக நின்றால் உடனே தொடங்குங்கள். நாளைக் காலை பார்க்கலாம் என்று போனால், மத்தியான வெயிலில் சூடேறிய தளம் சாயங்கால மழையில் சட்டென்று குளிர்ந்து, ராத்திரியே தன் இஷ்டத்துக்கு வெடித்திருக்கும்.

ஆழம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, 50 மில்லிமீட்டர். டவல் பாரின் மேல்பகுதி 65 மில்லிமீட்டரில் இருப்பதால் பிளேடு அதைத் தொடாது. கூடு சரியான உயரத்தில் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது பட்டையில் முதல் பட்டையின் வெட்டுக்கு நேர் கோட்டிலேயே வெட்டுங்கள்.

சில நாள் கழித்து, பலகை எடுத்த பக்கத்தில் குனிந்து பாருங்கள். வெட்டுக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு இறங்கியிருந்தால் ஜாயின்ட் வேலை செய்கிறது.

சீலன்ட்

ஜாயின்ட் சந்தை அடைத்து மூடும் சீலன்ட் வேலையைக் குறைந்தது 28 நாள் கழித்து, மழை இல்லாத ஓரிரு நாள் பார்த்துச் செய்யுங்கள். எல்லா ஜாயின்டையும் மேலே 10 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அகலப்படுத்த வேண்டும், நடு ஜாயின்டும் சேர்த்து. சுவர் ஓரத்தில் ஃபோமை அதே ஆழத்துக்கு வெட்டி எடுங்கள். கம்பி பிரஷ் போட்டு, காற்றடித்து, விரலை உள்ளே விட்டு இழுத்தால் தூசி ஒட்டக் கூடாது.

அடுத்து 13 மில்லிமீட்டர் பேக்கர் ராட் என்ற ஃபோம் கயிறு. 10 மில்லிமீட்டர் சந்துக்குள் அதை அழுத்தித்தான் இறக்க முடியும், அந்த இறுக்கம் வேண்டும். அதன் தலை தளத்திலிருந்து 11 மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும். ஒரு மரத்துண்டில் அந்த அளவுக்குப் படி வெட்டி வைத்துக்கொண்டு அழுத்தினால் எல்லா இடமும் ஒரே மாதிரி வரும். ராட் இல்லாமல் ஊற்றினால் சீலன்ட் அடியிலும் ஒட்டிக்கொள்ளும், மூன்று பக்கம் பிடித்தால் இழுபட முடியாமல் நடுவில் கிழியும்.

பக்கச் சுவர்களில் பிரைமர், இரு ஓரமும் டேப், அப்புறம் பாலியூரித்தேன் சீலன்டை 8 மில்லிமீட்டர் கனத்துக்கு நிரப்பி, கரண்டியால் அழுத்தி வழித்துவிடுங்கள். மேலே 3 மில்லிமீட்டர் பள்ளமாக நிற்க வேண்டும், டயர் அதைத் தொடக் கூடாது. காய்வதற்கு முன் டேப்பை உரியுங்கள்.

கணக்கு: மீட்டருக்கு 80 மில்லி. குறுக்கு ஜாயின்ட் 16 மீட்டர், நடு 12, சுவர் ஓரம் 12, மொத்தம் 40 மீட்டருக்கு 3.2 லிட்டர். 600 மில்லி பை ஐந்துக்கு மேல் வருகிறது, ஏழு வாங்குங்கள். குலை இறக்கும் இடம் என்பதால் நசுங்கிய பழத்தின் எண்ணெயும் டீசலும் விழும், டேட்டா ஷீட்டில் அதைத் தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணெயில் இருக்கும் அமிலம் கான்கிரீட்டையும் மெதுவாக அரிக்கும், ஆகவே நாள் முடிவில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஜாயின்ட் மேல் நடந்து பாருங்கள். சீலன்ட் ஒரு பக்கம் மட்டும் விட்டிருந்தால் தூசியோ ஈரமோ இருந்த இடத்தில் பூசியிருக்கிறார்கள், அந்த நீளத்தை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பப் போடலாம். மழைக்குப் பிறகு லோரி ஏறும்போது ஜாயின்ட் வழியாகச் செம்மண் தண்ணீர் பீறிட்டால் அது சீலன்ட் வேலை அல்ல. அடியில் கிரஷர் ரன் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது, அந்தக் கட்டத்தில் லோரியை நிறுத்திவிட்டு முதலில் அடியை நிரப்ப ஆள் கூப்பிடுங்கள்.