ரெண்டு டேபிளை ஒண்ணாக்குன கதை

எம்.ஏ. இன்டெர்னல்ல குறுந்தொகை 3, 40 ரெண்டையும் ஒப்பிடச் சொன்னாங்க, நானும் பாட்டுக்கு ஒரு டேபிள்னு போட்டு கருப்பொருள், தொனி, உத்தி, மேற்கோள்னு நிரப்பினேன். கருப்பொருள் ரெண்டுலயும் 'காதல்', உத்தி ரெண்டுலயும் 'உவமை', ஒப்பிடவே ஒண்ணும் மிஞ்சல. 'இது ரெண்டு தனிக் குறிப்பும்மா'ன்னு மேடம் சிவப்பு மையில எழுதிட்டாங்க.

அப்புறம் ஒரே டேபிளா மாத்தி, மேற்கோளை முதல் கட்டத்துக்குக் கொண்டுவந்தேன், பாட்டோட சொல்லு கைல இல்லாம தொனி எழுதக்கூடாதுன்னு வச்சுக்கிட்டேன். 40ல தலைவன் 'யாரா கியரோ', 'எவ்வழி யறிதும்'னு கேட்டுக்கிட்டே போறான், அதனால தொனி வியப்பு. 3ல தலைவி 'பெரிதே', 'ஆரள வின்றே'ன்னு அடிச்சுச் சொல்றா, கேள்வியே இல்ல, அது உறுதி.

உத்திதான் இழுத்துச்சு. 'செம்புலப் பெயல்நீர் போல' எனக்குப் புரியவே இல்ல, எங்க மண்டபம் பக்கம் மணல்தானே, மழை விழுந்ததும் குடிச்சிரும். அத்தைதான் 'செம்மண்ல விழுந்த தண்ணிய பழைய நெறத்துக்கு பிரிச்சு எடுக்க முடியுமாத்தா'ன்னாங்க. அப்பதான் பிடிபட்டுச்சு: 40ல உவமை ரெண்டு பேரு கலந்ததைச் சொல்லுது, 3ல நிலம், வானம், நீர் மூணையும் அளவுகோலா வச்சு, நட்பு அதையும் தாண்டிருச்சுன்னு சொல்லுது. கருப்பொருள் கட்டத்தைக் கடைசியாத்தான் நிரப்பினேன், 'கலத்தல்', 'அளவின்மை'ன்னு.

3ல வர்ற குறிஞ்சிப்பூத் தேனுக்கு இன்னும் ஒரு கட்டம் காலியா கெடக்கு.