வளவு உத்திரத்தை ஏற்ற எத்தனை கயிறு? கப்பித் தொகுதியின் எந்திர லாபத்தை எண்ணிக் கண்டுபிடிக்கும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் முதலில் கை வைக்க வேண்டியது, நடு முற்றமான வளவைச் சுற்றி ஓடும் தேக்கு உத்திரத்தில்தான். முற்றத்துப் பக்கம் பல வருஷம் மழைச் சாரல் பட்டு அதன் முனை இற்றுப்போயிருக்கும். அதை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்ற வேண்டும். ஆட்கள் தோளில் தூக்கித் தூணின் தலையில் இருக்கும் போதிகை மேல் வைக்கப் பார்த்தால் ஆளுக்கும் ஆபத்து, கீழே கிடக்கும் ஆத்தங்குடி ஓட்டுக்கும் ஆபத்து. ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம் உள்ள இரண்டு இரட்டைக் கப்பியும் ஒரு கயிறும் போதும். ஆனால் எவ்வளவு பலம் கொடுத்து இழுக்க வேண்டும், மேலே கட்டும் சாரம் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை வேலைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குச் சுமையைத் தாங்கும் கயிறுகளைச் சரியாக எண்ணத் தெரிந்தால் போதும். கொடுக்கும் பலத்தைப்போல் எத்தனை மடங்கு சுமையைத் தூக்க முடியும் என்பதுதான் எந்திர லாபம்; அந்த எண்ணிக்கையே அதைச் சொல்லிவிடும்.

முதலில் எடை

உத்திரம் 4 மீட்டர் நீளம், 25 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 0.2 கன மீட்டர். காய்ந்த தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. ஆக உத்திரம் 130 கிலோ. அதோடு சேர்ந்து மேலேறும் கீழ்க் கப்பி, கொக்கி, கட்டுக் கயிறு எல்லாம் 3 கிலோ. தூக்க வேண்டியது 133 கிலோ. கீழ்க் கப்பியின் எடையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதுவும் சுமைதான்.

கயிறு கோத்தல்

இரண்டு கப்பிகளையும் தரையில் எதிரெதிரே வைத்துக் கோத்துவிடுங்கள். தொங்கவிட்ட பிறகு கோக்கப் போனால் கயிறு முறுக்கிக்கொள்ளும். மேல் கப்பியின் அடியில் இருக்கும் வளையத்தில் கயிற்றின் ஒரு நுனியைப் பௌலைன் முடிச்சு போட்டுக் கட்டுங்கள். மறுநுனியைக் கீழ்க் கப்பியின் முதல் சக்கரம், மேல் கப்பியின் முதல் சக்கரம், கீழின் இரண்டாவது, மேலின் இரண்டாவது என்ற வரிசையில் விட்டு வெளியே எடுங்கள். கையில் மிஞ்சுவதுதான் இழுக்கும் நுனி. நடுவில் ஒரு கயிறு இன்னொன்றின் குறுக்கே போனால் அவிழ்த்து மறுபடி கோத்துவிடுங்கள். குறுக்கே போனாலும் எண்ணிக்கை மாறாது. ஆனால் கயிறு கயிற்றோடு உரசி, கணக்கில் வராத பலத்தைத் தின்றுவிடும்.

கயிறு வாங்கும்போது 12 மி.மீ. பாலியெஸ்டர் கயிற்றையே கேட்டு வாங்குங்கள். நைலான் இழுபடும், சுமை தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் துள்ளும். கடையில் நைலான் என்ற பெயரில் கிடைக்கும் பளபளப்பான மலிவுக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். முடிச்சு நிற்காமல் வழுக்கும், வெயிலில் கிடந்தால் நொறுங்கும். அதை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். சக்கரத்தின் விட்டம் கயிற்றின் தடிமனைப்போல் எட்டு மடங்காவது இருக்க வேண்டும். 12 மி.மீ. கயிற்றுக்கு 100 மி.மீ. சக்கரம் என்றால் சரியாக இருக்கும்.

எண்ணும் இடம்

தொடங்குகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் நிதானமாகவே போகலாம்.

மொத்தம் நான்கு சக்கரம் இருக்கிறது, அதனால் லாபம் நான்கு என்று சொன்னால் இந்த இடத்தில் விடை தற்செயலாகப் பொருந்தும். அடுத்த அமைப்பிலேயே பிசகிவிடும். கையில் இருக்கும் கயிற்றையும் சேர்த்து ஐந்து என்பது இன்னொரு தவறு.

கீழ்க் கப்பியையும் உத்திரத்தையும் மட்டும் சேர்த்து மனசுக்குள் ஒரு வட்டம் போடுங்கள். மேல் கப்பி வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். இப்போது அந்த வட்டத்தின் கோட்டைத் தாண்டி மேலே போகும் கயிறுகளை மட்டும் எண்ணுங்கள். வளையத்தில் கட்டிய நுனியிலிருந்து கீழே வருவது ஒன்று. கீழ் முதல் சக்கரத்தைச் சுற்றி மேலே போவது இரண்டு. மறுபடி கீழே வருவது மூன்று. கீழ் இரண்டாவது சக்கரத்தைச் சுற்றி மேலே போவது நான்கு. கையில் இருக்கும் கயிறு மேல் கப்பியிலிருந்து நேராக நம்மிடம் வருகிறது. வட்டத்தின் கோட்டை அது தொடவே இல்லை. அதனால் எண்ணிக்கையில் சேராது. அது இழுக்கும் திசையை மாற்றித் தருகிறது, சுமையைப் பங்கு போடுவதில்லை.

ஒரே கயிறுதான் எல்லாச் சக்கரத்திலும் ஓடுகிறது. உராய்வை ஒதுக்கி வைத்தால் அதன் எல்லாப் பகுதியிலும் இழுவிசை ஒன்றேதான். 133 கிலோவை நான்கு பகுதிகள் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 33 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கையிலும் அதே 33 கிலோதான் வரும். எந்திர லாபம் நான்கு.

கிணற்று ராட்டினத்தை இதே வட்டத்தால் பார்த்துவிடுங்கள். வாளியைச் சுற்றி வட்டம் போட்டால் ஒரே கயிறுதான் கோட்டைத் தாண்டும். சக்கரம் இருந்தும் லாபம் ஒன்று.

இனி அதே இரண்டு இரட்டைக் கப்பிகளைத் தலைகீழாக மாட்டுவோம். நுனி கட்டிய கப்பி கீழே வந்து சுமையோடு சேர்கிறது. இழுக்கும் கயிறும் அதிலிருந்தே கிளம்பி மேலே போகிறது. இப்போது கீழ்க் கப்பியைச் சுற்றி வட்டம் போட்டால் இழுக்கும் கயிறும் கோட்டைத் தாண்டும். ஐந்து! சக்கரம் கூடவில்லை, கயிறும் அதேதான். லாபம் மட்டும் நான்கிலிருந்து ஐந்தாகிவிட்டது. சக்கரத்தை எண்ணினால் இது பிடிபடாது. ஆனால் இந்த அமைப்பில் மேல்நோக்கி இழுக்க வேண்டும். சாரத்தின் மேல் தட்டில் ஆள் நின்று இழுக்க வசதி இருந்தால் மட்டுமே பயன்படும். தரையில் நின்று இழுக்க முதல் அமைப்பே நல்லது.

சரியாக எண்ணினோமா என்று பார்க்க டேப் ஒன்று போதும். இழுக்கும் கயிற்றில் பேனாவால் ஒரு குறி வைத்து, உத்திரத்தைச் சரியாக 10 செ.மீ. மட்டும் ஏற்றுங்கள். குறி 40 செ.மீ. நகர்ந்திருந்தால் எண்ணிக்கை நான்கு. 50 நகர்ந்தால் ஐந்து. உராய்வு எவ்வளவு இருந்தாலும் இந்தத் தூரக் கணக்கு மாறாது.

கையில் வரும் பலம் ஏன் 33 கிலோ இல்லை

ஒவ்வொரு சக்கரமும் தாண்டிப்போகும் இழுவிசையில் கொஞ்சத்தை விழுங்கும். சாதாரண புஷ் வைத்த கப்பியில் சக்கரத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். கையில் 1 கொடுத்தால் அடுத்தடுத்த பகுதிகளில் 0.9, 0.81, 0.73, 0.66 என்று குறைந்துகொண்டே போகும். கூட்டினால் 3.1. எண்ணிக்கையில் நான்கு, நடைமுறையில் 3.1. ஆக 133-ஐ 3.1-ஆல் வகுத்து, 43 கிலோ இழுக்க வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து இழுக்க இது கடினம். இரண்டு பேர் என்றால் நிதானமாக ஏறும். ஒரு தொங்கு தராசை இழுக்கும் நுனியில் மாட்டி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். 50 கிலோவுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு சக்கரம் இறுகியிருக்கிறது அல்லது கயிறு பக்கத் தகட்டில் உரசுகிறது.

அசையாமல் பிடித்து நிறுத்தும்போது இதே உராய்வு நம் பக்கம் சேரும். சுமார் 25 கிலோ பிடித்தாலே கீழே இறங்காது. இதை நம்பிக் கயிற்றைக் கையில் மட்டும் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பேரிங் போட்ட கப்பியில் அந்த உதவியும் குறைந்துவிடும். நிறுத்த வேண்டிய இடத்தில் கயிற்றைப் பக்கத்தில் உள்ள கல்தூணின் அடியில் சாக்கு சுற்றி, அதன் மேல் இரண்டு சுற்று போட்டுக் கட்டுங்கள். மரத்தூணில் வேண்டாம். அது நேராக வரும் பாரத்துக்கு நின்றது, பக்கவாட்டு இழுப்புக்கு இல்லை.

மேலே கட்டும் இடம்

உத்திரம் 130 கிலோ, அதனால் மேலே 130 தாங்கினால் போதும் என்று நினைப்பதுதான் உண்மையிலேயே ஆளைக் கொல்லும் தவறு. மேல் கப்பியைச் சுற்றியும் அதே வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். நான்கு தாங்கு கயிறும் அதைக் கீழே இழுக்கின்றன, நாம் இழுக்கும் ஐந்தாவதும் கீழேதான் இழுக்கிறது. 133-ம் 43-ம் சேர்ந்து 176, மேல் கப்பியின் எடை 3. கிட்டத்தட்ட 180 கிலோ. வெட்டி வெட்டி இழுத்தால் இதற்கும் மேல் போகும். இதைப் பழைய ஓட்டுக் கூரையின் கைமரத்தில் தொங்கவிடாதீர்கள். இரும்புக் குழாய்ச் சாரம் கட்டி, அரை டன் தாங்கும்படி குறுக்குக் குழாயை இரட்டையாகப் போடுங்கள். கயிற்றைச் சாய்வாக இழுத்தால் சாரம் பக்கவாட்டில் தள்ளப்படும். கப்பிக்கு நேர் கீழே சுமை இருப்பதால் அங்கே நிற்க முடியாது. எனவே சாரத்தின் கால் அடியில் இன்னொரு ஒற்றைக் கப்பி கட்டி, அதன் வழியாகக் கயிற்றைத் தள்ளிக் கொண்டுபோய் இழுப்பது நல்லது. எண்ணிக்கை அப்போதும் நான்குதான். சக்கரம் ஒன்று கூடியதால் இழுக்கும் பலம் மட்டும் 48 கிலோ அளவுக்கு ஏறும்.

உயரத்தையும் முன்பே பார்த்துவிடுங்கள். உத்திரம் 3 மீட்டர் ஏறிப் போதிகைக்கு 10 செ.மீ. மேலே நின்றால்தான் மெல்ல இறக்கி உட்கார வைக்க முடியும். ஏறும் தூரம் 3.1 மீட்டர், இழுக்கும் கயிறு 12.4 மீட்டர். அந்த நிலையில் இரண்டு கப்பிக்கும் நடுவே அரை மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட ஏறாது. கொக்கியைத் தரையிலிருந்து 5 மீட்டரில் மாட்டினால் இந்த அளவுக்குச் சரியாக வரும். மொத்தக் கயிறு 25 மீட்டர் வாங்குங்கள்; கால் அடியில் ஒற்றைக் கப்பி போட்டால் 30.

பின்சேர்க்கை: இழுக்கும் கயிற்றில் இன்னொரு கப்பித் தொகுதி மாட்டினால்?

பலரும் கேட்ட கேள்வி இது. இரண்டு கயிறு தாங்கும் தொகுதி ஒன்றை, நான்கு கயிறு தாங்கும் தொகுதியின் இழுக்கும் நுனியில் கட்டினால் லாபம் ஆறு என்று சிலர் கூட்டிவிடுகிறார்கள். அங்கே இரண்டு வெவ்வேறு கயிறுகள் இருக்கின்றன, இரண்டிலும் இழுவிசை ஒன்றல்ல. எண்ணும் முறை ஒரே கயிற்றுக்கு மட்டும்தான் செல்லும். ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாக எண்ணிப் பெருக்க வேண்டும்: நான்கு இரண்டு, எட்டு. உராய்வும் பெருகும் என்பதால் கையில் எட்டு கிடைக்காது, ஆறுக்கும் கீழேதான் வரும். 300 கிலோவுக்கு மேற்பட்ட கல்தூண் மாதிரிச் சுமைக்கு இப்படி அடுக்கிக்கொண்டே போகாமல், செயின் பிளாக் வாடகைக்கு எடுங்கள். கையை விட்டாலும் சுமை இறங்காதபடி அதற்குள்ளேயே பிரேக் இருக்கிறது.