மேற்கோளைப் பார்த்ததும் கதை சொல்லத் தொடங்காதீர்கள்

“ஜேர்மன் வரலாறு தன் திருப்புமுனையை அடைந்தது, ஆனால் திரும்பத் தவறியது.” 1848 ஜேர்மன் புரட்சி பற்றி பிரித்தானிய வரலாற்றாசிரியர் ஏ.ஜே.பி. டெய்லர் சொன்னது இது. இதை எடுத்து, எந்தளவுக்கு உடன்படுகிறீர் என்று என்னிடம் லண்டன் ஏலெவல் படிக்கும் வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

ஒருத்தி நாலு பக்கம் எழுதியிருந்தாள். மார்ச்சில் பேர்லின் தெருச்சண்டை, மே 18 அன்று பிராங்க்பேர்ட்டில் கூடிய பாராளுமன்றம், 1849 ஏப்ரலில் அது நீட்டியும் ஜேர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மறுத்த ஜேர்மன் முடி என்று எல்லாம் இருந்தது. தகவலில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் பாதிப் புள்ளிதான் போட்டேன். “எல்லாம் எழுதினேனே சேர்?” என்றாள். அவள் எழுதியது புரட்சி தோற்ற கதை. அது தோற்றதை யார் மறுத்தார்கள்?

மேற்கோளை இரண்டாக உடைத்துப் பாருங்கள். திரும்ப வாய்ப்பு இருந்தது என்பது ஒரு கூற்று. திரும்பவில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

முதலாவதற்கு பிராங்க்பேர்ட் பாராளுமன்றத்தின் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். சொந்தப் படை இல்லை. டென்மார்க்குடனான போருக்கு பிரஷ்யப் படையைத்தான் நம்பியிருந்தது. 1848 ஓகஸ்ட்டில் பிரஷ்யா அவர்களைக் கேட்காமலே மால்மோவில் போர்நிறுத்தம் செய்தது. அடுத்த மாதம் அதை ஏற்பதைத் தவிர அவர்களுக்கு வழியிருக்கவில்லை. அப்படியானால் அது உண்மையிலேயே திருப்புமுனைதானா? அவள் கட்டுரையில் மால்மோவும் இருந்தது, ஆனால் வெறும் சம்பவமாக.

இரண்டாவதில் டெய்லருக்கு எதிராகவும் சான்று உண்டு. 1848 டிசம்பரில் பிரஷ்ய மன்னரே ஓர் அரசியலமைப்பைக் கொடுத்தார். புரட்சி அடங்கிய பிறகும் அது அடியோடு நீக்கப்படவில்லை. ஆனால் 1849இல் வந்த மூவகுப்பு வாக்குமுறை பணக்காரருக்கே கூடிய பலம் கொடுத்தது. அதாவது கொஞ்சம் திரும்பியது; அதிகாரம் கைமாறவில்லை.

அப்புறம், முடிவுரையில் “இரு பக்கமும் உண்மை உண்டு” என்று நழுவுவதும் பிழை. “எந்தளவுக்கு” என்பது அளவைத்தான் கேட்கிறது: எந்தப் பாதியில் உடன்பாடு, எதில் இல்லை, ஏன்? டெய்லரின் நூல் 1945இல் வெளிவந்தது, போர்க்காலக் கசப்பு என்று அவரைத் தள்ளிவிடுவதும் வாதமாகாது. அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்பதற்கு அது ஒரு வரி உதவும். கூற்று சரியா பிழையா என்பதை மால்மோ போன்ற சான்றுதான் தீர்க்கும்.

அடுத்த கிழமை அவள் கொண்டுவந்த விடை இப்படித் தொடங்கியது: “ஜேர்மனி திரும்பத் தவறியது என்பதில் டெய்லர் பெரும்பாலும் சரி; ஆனால் படையில்லாத ஒரு பாராளுமன்றத்தால் அதைத் திருப்பியிருக்க முடியும் என்று அவர் கொள்வதுதான் பலவீனம்.” கதையை இரண்டு பக்கமாகக் குறைத்திருந்தாள்.