31.15 மணி நேரம்: கனடாவில் என் முதல் இன்வாய்ஸ்

டொரன்டோவுக்கு வந்து ஒப்பந்த ஆலோசகராக வேலை தொடங்கியவர்கள் பலரும் இன்வாய்ஸை வெறும் பில் என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் இன்வாய்ஸ் மூன்றே நாளில் திரும்பி வந்தது.

அந்த இரண்டு வாரத்தில் தரவு மாற்றும் வேலைக்கு 31 மணி 15 நிமிடம் செலவிட்டிருந்தேன். அதை 31.15 என்று எழுதிவிட்டேன். கால் மணி என்பது 0.25, எழுதியிருக்க வேண்டியது 31.25. மணிக்கு 85 டாலர் வீதம் எனக்குத்தான் எட்டரை டாலர் நட்டம். இருந்தும் கணக்குப் பிரிவு ஏற்கவில்லை. மேலாளர் கையெழுத்திட்ட டைம்ஷீட்டில் இருக்கும் எண்ணும் இன்வாய்ஸில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பணம் தருவதற்கான 30 நாள் கெடுவும் திருத்தி அனுப்பிய தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கியது.

திருத்திய இன்வாய்ஸ் இப்படி இருந்தது. தரவு மாற்றம், 31.25 மணி, 85 டாலர் வீதம்: 2,656.25. ஊழியர்களுக்குப் பயிற்சி, 6 மணி, 70 டாலர் வீதம்: 420. கூட்டினால் 3,076.25. இரண்டு வேலைக்கும் ஒப்பந்தத்தில் தனித்தனி வீதம் என்பதால் தனித்தனி வரிசை. ஒன்றாகச் சேர்த்துச் சராசரி வீதம் போட்டால் தொகை சரியாக வந்தாலும் ஒப்பந்தத்தில் இல்லாத வீதமாகத் தெரியும், கேள்வி வரும்.

வேலை விவரத்தில் ‘கூட்டம், 3 மணி’ என்று எழுதினால் பார்ப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். ‘கிடங்கு இருப்புப் பட்டியலில் இரட்டைப் பதிவுகளைக் களைவது குறித்துக் கிடங்கு மேலாளருடன் கூட்டம்’ என்று எழுதுங்கள். வேலை முடிந்த அன்றே எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் தினமும் முழுசாக எட்டு மணி என்று வந்து நிற்கும். அதைப் பார்த்தாலே சந்தேகம் வரும். வாடிக்கையாளர் தந்த பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணையும் டைம்ஷீட்டின் தேதி வரம்பையும் இன்வாய்ஸின் மேலேயே போடுங்கள். பயண நேரத்துக்கு ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் மட்டுமே கேளுங்கள்.

வரி விஷயம்: ஒன்டாரியோவில் விற்பனை வரியான எச்.எஸ்.டி. 13 சதவீதம். தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டாலரைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்யாமல் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. பதிவு செய்தபின் பதிவு எண்ணை இன்வாய்ஸில் காட்ட வேண்டும். மேற்சொன்ன தொகைக்கு வரி 399.91, மொத்தம் 3,476.16.

இன்னொன்று. வேலையில் நானே செய்த பிழையைத் திருத்த இரண்டு மணி ஆனது. அதை மறைக்காமல், ‘திருத்தம், 2 மணி, கட்டணமில்லை’ என்று ஒரு தனி வரிசையாகச் சேர்த்தேன். டைம்ஷீட்டில் இருக்கும் அந்த இரண்டு மணி இன்வாய்ஸில் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.