பள்ளிப் பிள்ளைக்கு டைம்டேபிள்: தூக்கத்திலிருந்து பின்னோக்கிப் போடுவது எப்படி?

நிறைய வீடுகளில் சுவரில் ஒட்டியிருக்கும் டைம்டேபிள் காலை 5 மணிக்கு "எழுந்திருத்தல்" என்று ஆரம்பிக்கும். அப்புறம் படிப்பு, பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் என்று வரிசையாகப் போய், மிச்சம் இருக்கிற நேரம் தூக்கத்துக்கு. மேலே எது நீண்டாலும் அந்த மிச்சத்தில்தான் கை வைப்போம்.

கடலூர் கூத்தப்பாக்கத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ராத்திரி ஏழு மணிக்குக் கணக்கு நோட்டின் மேல் பேனாவை ஊன்றியபடியே கண் சொருகும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். 7 என்று எழுத ஆரம்பித்த எண் அப்படியே கோடாக இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும். அந்த நிலையில் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில் ஏறாது. அதனால் நான் பெற்றோரிடம் டைம்டேபிளைத் தூக்கத்திலிருந்து பின்னோக்கிப் போடச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் நாளை எடுத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

அவன் வீடு இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. பள்ளி வேன் காலை 7:40-க்கு வரும், மாலை 4:40-க்கு இறக்கிவிடும். முன்பு அவன் நாள் இப்படித்தான் போனது: வேனிலிருந்து இறங்கி, யூனிஃபார்மோடு ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு 5 மணிக்கு டியூஷன். 7 மணிக்கு வீடு, கொஞ்ச நேரம் டிவி, 8:30-க்குச் சாப்பாடு. 9 மணிக்கு மேல் வீட்டுப்பாடத்தை எடுத்தால் 10:30 ஆகிவிடும். தூங்க 11 மணி. காலை 6 மணிக்கு எழுப்புவார்கள். ஆக 7 மணி நேரத் தூக்கம், விளையாட்டே கிடையாது.

முதல் படி: தூங்கும் நேரத்தைக் குறியுங்கள்

6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். இது தூக்க மருத்துவ வல்லுநர்கள் சொல்லும் அளவு. நம் பையனுக்கு 11 வயது, குறைந்தது 9 மணி நேரமாவது வேண்டும்.

வேன் நேரத்திலிருந்து பின்னால் எண்ணுங்கள். பல் விளக்கி, கழிவறை போய், குளித்து, சாப்பிட்டு, உடுத்தி, தெருமுனைக்கு நடக்க அவனுக்கு 80 நிமிடம் ஆகிறது. அப்படியானால் 6:20-க்கு எழுந்தால் போதும். பையை இரவே அடுக்கி வைத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். காலையில் சாக்ஸ் தேடுகிற வீட்டில் இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். 6:20-லிருந்து 9 மணி நேரம் பின்னால் போனால் இரவு 9:20. விளக்கை அணைத்ததும் யாரும் உடனே தூங்கிவிடுவதில்லை, கால் மணி நேரமாவது ஆகும். அதனால் 9:05-க்கு விளக்கு அணைய வேண்டும். இந்த ஒரு வரியைப் பேனாவால் எழுதுங்கள், மற்றதெல்லாம் பென்சிலில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: வீட்டுப்பாடத்துக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது?

"மிஸ், இவன் வீட்டுப்பாடத்தை மூணு மணி நேரம் இழுக்கறான்" என்று அவன் அம்மா சொன்னார். சரி, ஒரு வாரம் மட்டும் குறித்து வையுங்கள் அக்கா என்றேன். எழுத ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், நடுவில் தண்ணீர் குடிக்க, ரப்பர் தேட, டிவி பார்க்க எழுந்த நேரம் என்று மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினார். நடுவில் போனதைக் கழித்தால் திங்கள் 35 நிமிடம், செவ்வாய் 50, புதன் 25, வியாழன் 70, வெள்ளி 30.

சராசரி 42 நிமிடம்தான். ஆனால் சராசரிக்கு நேரம் ஒதுக்கினால் செவ்வாய்க்கிழமையே இடிக்கும். அதிகமான நாளை விட்டுவிட்டு அதற்கு அடுத்த நாளைப் பிடியுங்கள். இங்கே அது 50 நிமிடம். மிச்சம் இருக்கிற அந்த ஒரு நாள் ஏன் நீண்டது என்று தனியாகப் பாருங்கள். இவன் வீட்டில் காரணம் ஒரு சார்ட். திங்களன்றே சொல்லிவிட்ட சமூக அறிவியல் சார்ட்டை வியாழன் இரவுதான் ஆரம்பித்திருக்கிறான், அதுவும் கடைக்குப் போய்ச் சார்ட் அட்டை வாங்கிய பிறகு. அந்த மாதிரி வேலையைச் சனிக்கிழமைக்கோ, சொன்ன அன்றே பத்து நிமிடத்துக்கோ மாற்றினால் வியாழனும் மற்ற நாள் மாதிரி ஆகிவிடும்.

வாட்ஸ்அப் குரூப்பில் இரவு 8 மணிக்கு மேல் வரும் வீட்டுப்பாடம் இன்னொரு தலைவலி. டைரியில் இருப்பதை முதலில் முடிக்கட்டும். குரூப்பை 7:30-க்கு ஒருமுறை பெரியவர்கள் பார்த்துச் சொன்னால் போதும். அதற்கு மேல் வருவது அடிக்கடி நடந்தால் வகுப்பு ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள்.

மூன்றாம் படி: டியூஷனுக்கு முன்னால் விளையாட்டு

4:40-லிருந்து 9:05 வரை கையில் இருப்பது 4 மணி 25 நிமிடம். இதில் விளையாட்டை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். டியூஷனுக்குப் பிறகு விளையாடலாம் என்று வைத்தால் இருட்டிவிடும், விளையாட்டு நடக்கவே நடக்காது. காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையை இறங்கிய கையோடு மறுபடி உட்கார வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. நன்றாக ஓடியாடிவிட்டு வருகிற பிள்ளை என்னிடம் ஒரு மணி நேரம் கவனமாக இருக்கிறான் என்பதை என் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கிறேன்.

நம் ஊரில் சூரியன் மறையும் நேரத்தை வைத்துத்தான் இதைப் போட முடியும். ஜூன், ஜூலையில் 6:30-க்கு மேலும் வெளிச்சம் இருக்கும். நவம்பரில் 5:40-க்கெல்லாம் சூரியன் போய்விடும், வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் வந்ததும் ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து உடனே விளையாட அனுப்பிவிட்டு, டிபனை அப்புறம் கொடுங்கள். மழை பெய்தால் வீட்டுக்குள் கேரம், தாயம், மாடிப்படியில் ஏறி இறங்கும் போட்டி என்று ஏதாவது நடக்கட்டும். அந்த நேரத்தைப் படிப்புக்குத் திருப்பாதீர்கள்.

நான்காம் படி: டியூஷன் மிஸ்ஸிடம் பேசுங்கள்

இதற்குப் பெற்றோர் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை. மூன்று விஷயம் கேளுங்கள். நேரத்தை 6:30-க்கு மாற்ற முடியுமா? இரண்டு மணி நேரத்தை ஒன்றாகக் குறைக்க முடியுமா? பள்ளி நாட்களில் டியூஷனுக்கென்று தனி வீட்டுப்பாடம் இல்லாமல், புரியாத பள்ளிப் பாடத்தில் கால் மணி நேரம் அங்கேயே முடிக்க முடியுமா? ஆறாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். இரண்டாவது மணி நேரத்தில் பெரும்பாலும் எழுதியதையே திரும்ப எழுதுகிறார்கள். மிஸ் ஒத்துக்கொள்ளாவிட்டால், வாரத்தில் மூன்று நாள் மட்டும் அனுப்பலாமா என்று யோசியுங்கள்.

இப்போது அவன் மாலை இப்படி இருக்கிறது:

4:40 – 5:10: கைகால் கழுவி, உடை மாற்றி, டிபன்
5:10 – 6:10: தெருவில் விளையாட்டு
6:10 – 6:30: முகம் கழுவி, டியூஷனுக்கு நடை
6:30 – 7:30: டியூஷன் (இதில் 15 நிமிடம் பள்ளி வீட்டுப்பாடம்)
7:40 – 8:15: மிச்ச வீட்டுப்பாடம்
8:15 – 8:40: சாப்பாடு
8:40 – 9:05: பை அடுக்கி, பல் விளக்கி, கதையோ பேச்சோ
9:05: விளக்கு அணைப்பு

டியூஷனில் 15, வீட்டில் 35, ஆக 50 நிமிடம் சரியாக உட்கார்ந்துவிட்டது. 8:15 ஆகியும் எழுதி முடியவில்லை என்றால் நோட்டை மூடிவிடுங்கள். முடியாததை டைரியில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். தூக்கத்தில் கடன் வாங்கி வீட்டுப்பாடம் முடிக்கும் பழக்கம் ஒரு நாள் தொடங்கினால் தினமும் தொடரும்.

ஐந்தாம் படி: மெதுவாக நகர்த்துங்கள்

11 மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை நாளைக்கே 9 மணிக்குப் படுக்க வைத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பான். முதலில் எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே மாதிரி ஆக்குங்கள். பிறகு தூங்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். 11-லிருந்து 9:20-க்கு 100 நிமிடம் நகர மூன்று வாரம் ஆகும். சாயங்காலக் காபியை நிறுத்திப் பாலோ கேழ்வரகுக் கஞ்சியோ கொடுங்கள், காபியின் வேகம் பல மணி நேரம் உடம்பில் நிற்கும். 8 மணிக்கு மேல் டிவியும் செல்போனும் வேண்டாம், அதில் பெரியவர்களும் சேர்த்திதான். கூடத்தில் சீரியல் ஓடும்போது பக்கத்து அறையில் பிள்ளை தூங்காது.

இந்த வீட்டில் கடைசி வரை இடித்தது அப்பா வரும் நேரம். 9:30-க்குக் கடையைப் பூட்டிவிட்டு, பரோட்டா பொட்டலத்தோடு வருவார். பைக் சத்தம் கேட்டதும் பையன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அவர்கள் இருவருக்கும் அந்த நேரம் வேண்டும், அதைப் பறிக்க மனசு வராது. அதனால் காலைக்கு மாற்றினோம். இப்போது வேன் நிற்கும் இடத்துக்கு அப்பாதான் கூட்டிக்கொண்டு போகிறார். பரோட்டா சனிக்கிழமை ராத்திரிக்குப் போய்விட்டது.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு தடவை கூப்பிட்டால் எழுகிறானா, வேனில் ஏறியதும் தூங்குகிறானா என்று பாருங்கள். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுப்பாமல் விட்டு, தானாக எழும் நேரத்தையும் கவனியுங்கள். மற்ற நாளைவிட இரண்டு மணி நேரம் அதிகமாகத் தூங்கினால் வார நாட்களில் தூக்கம் குறைகிறது என்று அர்த்தம். விளக்கு அணைக்கும் நேரத்தை இன்னும் 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். 9 மணி நேரம் தூங்கியும் பகலில் சோர்ந்து விழுந்தால், தினமும் குறட்டை விட்டால், வாயைத் திறந்து மூச்சு விட்டால் டைம்டேபிளை மாற்றிப் பயனில்லை. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மழைக்காகக் கலெக்டர் விடுமுறை விடும் நாட்களில் எழும் நேரமும் படுக்கும் நேரமும் மட்டும் மாறாமல் இருக்கட்டும், நடுவில் அவன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வேண்டாம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவதென்றால் 4:30-க்கே கிளம்பிவிடுங்கள். 7 மணிக்கு வீடு திரும்பினால்தான் மணலைக் கழுவி, சாப்பிட்டு, திங்கட்கிழமைப் பையை அடுக்கிவிட்டு 9:05-க்கு விளக்கை அணைக்க முடியும்.