எச்டிஆர் படத்தில் ஒட்டிய முகம் ஏன் தனியாகத் தெரிகிறது: என் அனுபவம்

ஹப்புத்தளையில் எடுத்த குடும்பப் படத்தில் தங்கச்சி கண்ணை மூடியிருந்தாள். அதே காலையில் போனில் எடுத்த அவளுடைய முகத்தை வெட்டி வைக்கப் பார்த்தேன். குடும்பப் படம் வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று எக்ஸ்போஷரைச் சேர்த்த எச்டிஆர் படம். அதன் பெரிய ஒளி வித்தியாசத்தைத் திரைக்கு ஏற்றபடி சுருக்குவதுதான் டோன் மேப்பிங். அதற்கு முன்பே ஒட்டினால் முகம் மின்னியது, விளிம்பைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையமும் வந்தது. போன் தன் படத்தின் நிழலை ஏற்கெனவே தூக்கி, வெளிச்சத்தை அமுக்கித்தான் சேமிக்கிறது. அதன் மேல் டோன் மேப்பிங் இன்னொரு தடவை அதையே செய்கிறது.

டோன் மேப்பிங்குக்குப் பிறகு ஒட்டினால் வேறு சிக்கல். பக்கத்தில் நிற்கும் அம்மாவின் கன்னத்திலும் சேலை மடிப்பிலும் டோன் மேப்பிங் சிறு சிறு ஒளி வித்தியாசங்களைக் கூட்டியிருக்கும், ஒட்டிய முகத்தில் அது இல்லை, அதனால் காகிதம் மாதிரித் தட்டையாக இருக்கும்.

சரி, எனக்குச் சரிவந்த வழி: டோன் மேப்பிங் முடிந்த பிறகே ஒட்டுங்கள். ஜிம்ப்பில் முக லேயருக்கு மட்டும் Unsharp Mask, Radius 50, Amount 0.2 அளவில் கொடுத்தால் கன்னத்துக்கு உருவம் வரும். அப்புறம் Curves. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் அம்மாவின் கூந்தலில் மிகக் கறுப்பான இடம் 35, தங்கச்சிக்கு 12, ஆகவே வளைவின் இடது முனையை 24 வரை உயர்த்தினேன், அப்போது 12 ஏறக்குறைய 35 ஆகிறது. படத்தைத் தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் முகம் துருத்தினால் கோளாறு ஒளியில், இல்லையென்றால் நிறத்தில். ஆனால் போன் படத்தில் நெற்றி வெளுத்து விவரமே போயிருந்தால் இது எதுவும் உதவாது, வேறு படம்தான் தேட வேண்டும்.