பற்று நோட்டை ஷீட்டில் ஏற்றும்போது பாக்கி எங்கே தவறுகிறது

கேரளத்தில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்து மளிகைக் கடைகளில் பற்று நோட்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தேயிலை லயங்களில் குடியிருப்பவர்களும், கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்பில் ஏறி ஏலக்காட்டு வேலைக்கு வருகிறவர்களும் சாமானைப் பற்றில் வாங்குகிறார்கள். கூலி கைக்கு வந்ததும் ஒரு தொகையைக் கொடுத்துக் கழிக்கிறார்கள். கணக்கு முழுதாகத் தீர்வது அபூர்வம். கொஞ்சம் பாக்கி நின்றுகொண்டே இருக்கும், அதன் மேல் அடுத்த பற்று ஏறும். இந்த நோட்டை எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஏற்ற உட்கார்ந்தால், தட்டச்சுப் பிழையைவிட அதிகமாகக் குழப்புவது இந்த நிற்கிற பாக்கிதான்.

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, நோட்டில் எழுதியிருக்கும் பாக்கியை அப்படியே பார்த்துப் பாக்கி காலத்தில், அதாவது ஷீட்டில் பாக்கிக்கு உள்ள நெடுக்குப் பத்தியில், அடிப்பது. அப்படி அடித்தால் எங்கே பிழை விழுந்தாலும் வெளியே தெரியாது. பற்றையும் வரவையும் மட்டும் நீங்கள் அடியுங்கள், பாக்கியை ஷீட் போடட்டும். நோட்டில் இருக்கும் பாக்கிக்குத் தனிக் காலம் கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காகவே அந்தக் காலம்.

நான் வைத்துக்கொள்ளும் வரிசை இது: A வரிசை எண், B தேதி, C நோட்டுப் பக்கம், D ஆள், E விவரம், F பற்று, G வரவு, H பாக்கி, I நோட்டுப் பாக்கி, J வித்தியாசம். H2, J2 இரண்டிலும் கீழே உள்ளதைப் போட்டுக் கடைசி வரி வரை இழுத்துவிட வேண்டும்.

```
H2: =SUMIFS(F$2:F2,D$2:D2,D2)-SUMIFS(G$2:G2,D$2:D2,D2)
J2: =IF(I2="","",H2-I2)
```

வரிசை எண் எதற்கு என்றால், ஒரே நாளில் ஒருவர் மூன்று முறை வாங்கியிருப்பார். தேதியை மட்டும் வைத்து அடுக்கினால் நோட்டில் இருந்த முன்பின் கலைந்து, வரிக்கு வரி பாக்கியை ஒப்பிட முடியாமல் போகும்.

இப்போது ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நோட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
பக்கம் 41 - மேல் லயம் செல்வி
      மு.பா                     1260
3-3   அரிசி, பருப்பு     485     1745
"     எண்ணெய்          170     1915
8-3   வரவு            1000      915
11-3  சாமான்           364     1279
15-3  வரவு             500      779

பக்கம் 58 - மேல் லயம் செல்வி
      மு.பா                      779
18-3  சாமான்           240     1019
```

பக்கம் 41 நிறைந்ததும் கடைக்காரர் 58-க்குப் போய், முன்பாக்கி 779 என்று எழுதித் தொடர்ந்திருக்கிறார். நோட்டில் இது சரியான முறை. ஷீட்டில் ஏற்றுகிறவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கண்ணில் பட்ட தொகையை எல்லாம் வரியாக்கினால் அந்த 779-உம் ஒரு பற்றாகப் போய் உட்கார்ந்துவிடும். செல்வியின் பாக்கி 1,019-க்குப் பதில் 1,798 என்று காட்டும். ஏற்கெனவே வாங்கிய சாமானுக்கு இன்னொரு முறை கடன் ஏறியிருக்கிறது. நூறு பக்க நோட்டில் பல பேர் கணக்கு இப்படிப் பக்கம் தாண்டும், மொத்தப் பாக்கி எங்கேயோ போய் நிற்கும். கடைக்காரருக்கு இவ்வளவு பணம் வெளியில் நிற்கிறதா என்று தோன்றும், வாங்கியவருக்கு வயிறு எரியும்.

ஆகவே ஒரு ஆளுக்கு முன்பாக்கி ஒரே ஒரு முறைதான் F காலத்தில் வர வேண்டும். எந்தத் தேதியிலிருந்து ஏற்றத் தொடங்குகிறீர்களோ அந்த முதல் வரியில் ‘தொடக்கம்’ என்று விவரம் போட்டு 1260 அடியுங்கள். அதற்குப் பிறகு வரும் எந்த மு.பா-வும் I காலத்துக்கு மட்டுமே போகும், F காலியாக இருக்கும். அந்த வரியில் J பூஜ்யம் காட்டினால் பக்கம் சரியாகத் தாண்டியிருக்கிறது என்று பொருள். எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என் யோசனை: கடைக்காரரும் வாங்கியவரும் கடைசியாக உட்கார்ந்து கணக்குப் பார்த்த நாள். அதற்கு முந்தியதை ஏற்றுவது வீண் வேலை. அதற்குப் பிந்தியதை விட்டுவிட்டு வெறும் பாக்கியை மட்டும் ஏற்றினால், “அண்ணாச்சி, போன வாரம் ஆயிரம் குடுத்தேனே, கழிச்சீங்களா?” என்று கேட்கும்போது காட்ட வரி இருக்காது.

J காலத்தில் பூஜ்யம் இல்லாத எண் வந்தால், அந்த எண்ணே பிழை எந்த வகை என்று ஓரளவு சொல்லிவிடும். மேலே சொன்ன பிழையில் வித்தியாசம் 779, அதாவது மு.பா தொகையேதான். 11-ஆம் தேதி 364-ஐ 634 என்று மாற்றி அடித்திருந்தால் வித்தியாசம் 270. இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 50-ஐ 500 என்று அடித்தாலும் 450, அதுவும் வகுபடும். 15-ஆம் தேதி வரவு 500-ஐப் பற்றுக் காலத்தில் போட்டிருந்தால் பாக்கி 779-க்குப் பதில் 1,779 ஆகும். வித்தியாசம் 1000, அதில் பாதி 500. எனவே வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள். ஒரு வரியையே விட்டிருந்தால் வித்தியாசம் அந்த வரியின் தொகையாக இருக்கும். 9-ஆல் வகுபடுவது தற்செயலாகவும் நடக்கும் என்பதால், அந்த வரியை நோட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். தேட வேண்டிய இடம், J முதன்முதலில் பூஜ்யத்தை விட்டு நகரும் வரி. அதற்குக் கீழே தெரிவதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே பிழை இறங்கி வருவதுதான்.

சில இடங்களில் நீங்கள் அடித்தது எல்லாம் சரியாக இருக்கும், கூட்டல் பிழை நோட்டிலேயே இருக்கும். 1745-உம் 170-உம் சேர்ந்து 1925 என்று அவசரத்தில் எழுதியிருப்பார். அப்போது அந்த வரியிலிருந்து J தொடர்ந்து -10 காட்டும். இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஷீட்டை நோட்டோடு ஒத்துப்போக வைக்க யாரோ ஒரு பத்து ரூபாய்ப் பற்றைச் சேர்த்துவிடுவார்கள், அல்லது நோட்டை அடித்துத் திருத்துவார்கள். இரண்டும் கூடாது. செல்வியிடம் 1925 என்று சொல்லியாகிவிட்டது, அவரும் அதை நம்பித்தான் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் காட்டி, உங்களுக்குப் பத்து ரூபாய் அதிகம் எழுதியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு அன்றைய தேதி போட்டு ‘கூட்டல் திருத்தம், பக்கம் 41’ என்று நோட்டில் எழுதி, அதன் கீழே புதுப் பாக்கியைப் போடுங்கள். இந்தப் பத்து ரூபாயைத் தானாக முன்வந்து சொல்லும் கடைக்காரர் மேல் ஊருக்கு வரும் நம்பிக்கை சாதாரணமில்லை.

தேதியில் வரும் கோளாறு சத்தமில்லாமல் நடக்கும். நோட்டில் 3-3 என்றுதான் இருக்கும், வருடம் இருக்காது. அப்படியே அடித்தால் ஷீட் நடப்பு வருடத்தைப் போட்டுக்கொள்ளும். டிசம்பர் பக்கத்தை ஜனவரியில் ஏற்றினால் அந்தப் பற்று வரப்போகும் டிசம்பருக்குப் போய்விடும். கூகுள் ஷீட்ஸில் லொகேல் என்னும் நாட்டு அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 03/04/2025 மார்ச் 4 ஆகிவிடும், 13/04/2025 தேதியாகவே ஏறாமல் இடது பக்கம் ஒட்டிய வெறும் எழுத்தாக நிற்கும். 2025-04-03 என்று வருடத்தை முன்னால் வைத்து அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. முடித்ததும் `=MAX(B:B)` போட்டுப் பாருங்கள், இன்றைக்குப் பிந்திய தேதி வந்தால் வருடம் தவறியிருக்கிறது. நோட்டில் மேற்படிக் குறி உள்ள இடங்களில் தேதியை முழுதாக அடிக்க வேண்டும். வயதான சில கடைக்காரர்கள் மலையாள மாதம் எழுதுவார்கள். கொல்லம் 1201 சிங்கம் மாதம் 1-ஆம் தேதி 2025 ஆகஸ்ட் 17 அன்று வந்தது, ஆக சிங்கம் 5 என்றால் ஆகஸ்ட் 21. மலையாள மாதத்தின் நாட்கள் கூடிக் குறைவதால் மனக்கணக்கு வேண்டாம், அந்த வருடத்துக் காலண்டரைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் பெயர். அப்பா தமிழில் எழுதுவார். மலையாளப் பள்ளியில் படித்த மகன் கடையில் உட்காரும்போது அதே ஆளை மலையாளத்தில் எழுதுவான். ‘மேல் லயம் செல்வி’, ‘செல்வி அக்கா’, ‘பாண்டி வீட்டுக்காரம்மா’ மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், மூன்று ‘முருகன்’ மூன்று பேராகவும் இருக்கலாம். ஷீட்டுக்கு எழுத்து மாறினால் ஆள் மாறிவிடும், பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்தாலே அது வேறு ஆள். எனவே ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, D காலத்தில் அதைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்யும்படி வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பெயர் யாருடையது என்பதைக் கடைக்காரரிடம் உட்கார்ந்து கேட்டே தீர வேண்டும், ஊகிக்கக் கூடாது.

ஒரு அடையாளம் மட்டும் ஷீட்டிலேயே தெரியும். சாமான் வாங்குவது செல்வி, சனிக்கிழமை பணம் கொடுப்பது அவர் வீட்டுக்காரர் பாண்டி. வரவு பாண்டி பெயரில் விழுந்திருந்தால் செல்வியின் பாக்கி இறங்காமல் ஏறிக்கொண்டே போகும், பாண்டியின் பாக்கி -1500 என்று காட்டும். மளிகைக் கடையில் முன்பணம் கொடுத்து வைப்பவர் குறைவு. ஆகவே பாக்கி மைனஸில் போன ஒவ்வொரு கணக்கும் யாருடைய கடனைக் கழிக்க வந்த பணம் என்று விசாரிக்க வேண்டிய கணக்கு. ஒரே அடுப்பு என்றால் வீட்டுக்கு ஒரு எண் போதும்.

ஏற்றுகிற வேலை சில நாள் நீளும், அதுவரை கடை மூடியிருக்காது. அதனால் நோட்டுப் பக்கங்களைப் புகைப்படம் எடுத்து, படத்தைப் பார்த்து அடிப்பது வசதி. படம் எடுத்த நாளில் ஒவ்வொரு ஆளின் கடைசி வரிக்கும் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பதை முடித்து, நோட்டின் கூட்டல் பிழையால் நிற்கும் வரிகள் போக J எல்லாம் பூஜ்யம் ஆன பிறகே கீழே உள்ளதைத் தொட வேண்டும். கோடு இல்லாவிட்டால் சில பற்று விட்டுப்போகும், சில இரண்டு முறை ஏறும். படத்தைப் பார்த்து அடிக்கும்போது 240/- என்பதன் சாய்கோடு 1 போலத் தெரிந்து 2401 ஆவதும் உண்டு, அதையும் J காட்டிக்கொடுக்கும்.

ஷீட் தயாரானதும் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடக்கூடாது. கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பதிவு சாட்சியமாக ஏற்கப்படும், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைக் கடனாளி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதுதான் சட்டம். காகிதமே இல்லாமல், யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஷீட்டை மட்டும் வைத்திருப்பவரின் நிலை இன்னும் பலவீனம். ஒவ்வொருவருக்கும் ஷீட் சொல்லும் பாக்கியைக் காட்டி, அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே தேதியோடு தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கும் அதே பக்கத்தை ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். அந்தக் கையெழுத்துக்கு முந்தைய நாள் வரை J காலத்தில் காரணம் தெரியாத வித்தியாசம் ஒரு வரியில் மிச்சம் இருந்தாலும், அந்த ஆளின் கணக்கை மட்டும் நிறுத்தி வையுங்கள்.